காற்றிலிருந்து கண்ணாடிக்குப் போகும் ஒளி முழுவதும் திரும்புமா?

“காற்றிலிருந்து கண்ணாடிக்குள் 60 டிகிரியில் நுழையும் ஒளி முழு அக எதிரொளிப்பு அடையுமா?” என்று ஒரு மாணவர் கேட்டிருந்தார். அடையாது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5 என்றால், sin r = 0.866 ÷ 1.5 = 0.577. ஒளி 35.3 டிகிரியில் உள்ளே போய்விடும். ஏறத்தாழ 9 சதவீதம் மட்டும் மேற்பரப்பிலேயே எதிரொளிக்கும். அது சாதாரண எதிரொளிப்பு. படுகோணத்தை 89 டிகிரி ஆக்கினால்கூட 90 சதவீதம்தான் திரும்பும், மீதி உள்ளே நுழையும்.

வகுக்க வேண்டிய இடத்தில் 1.5 ஆல் பெருக்கினால் sin r 1.3 என்று வரும். கால்குலேட்டர் பிழை காட்டியதும் “முழு அக எதிரொளிப்பு” என்று எழுதிவிடுகிறார்கள். அடர்குறை ஊடகத்திலிருந்து அடர்மிகு ஊடகத்துக்குப் போகும்போது sin r 1-ஐத் தாண்டவே முடியாது. தாண்டினால் வகுத்தலும் பெருக்கலும் இடம் மாறிவிட்டன என்று பொருள். இங்கே ‘அடர்’ என்பது எடை அடர்த்தி அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். டர்பன்டைன் தண்ணீரில் மிதக்கும், ஆனால் அதன் ஒளிவிலகல் எண் 1.47, தண்ணீருக்கு 1.33. டர்பன்டைனிலிருந்து தண்ணீருக்குப் போகும் ஒளி சுமார் 65 டிகிரிக்கு மேல் முழுமையாகத் திரும்பும்.

ஆனால் “காற்றிலிருந்து கண்ணாடிக்குச் செல்லும் ஒளி” என்று தொடங்கும் எல்லாக் கேள்வியும் பிழையல்ல. எந்தப் பரப்பைக் கேட்கிறார்கள் என்பதுதான் முக்கியம். செவ்வகக் கண்ணாடிப் பாளத்தின் மேல்முகத்தில் நுழைந்த அதே கதிர், எதிரே உள்ள அடிமுகத்தை 35.3 டிகிரியிலேயே தொடும். மாறுநிலைக் கோணமான 41.8-ஐவிட இது குறைவு, எனவே வெளியேறிவிடும். மேல்முகத்தில் எப்படிச் சாய்த்து விட்டாலும் உள்ளே 41.8-ஐத் தாண்டாது என்பதால், இணையான அடிமுகத்தில் முழு அக எதிரொளிப்பு ஒருபோதும் நேராது.

பக்கமுகத்தில்தான் வேடிக்கை. அது மேல்முகத்துக்குச் செங்குத்து, ஆகவே கதிர் அங்கே 90 − 35.3 = 54.7 டிகிரியில் விழும், முழுவதும் திரும்பும். 60 டிகிரிக்கு மட்டுமல்ல, எந்தப் படுகோணத்துக்கும் இதுதான் கதி. உள்ளே உச்சம் 41.8 என்றால் பக்கமுகத்தில் குறைந்தபட்சம் 48.2. ஒளிவிலகல் எண் √2, அதாவது 1.414-ஐத் தாண்டினாலே ஒரு கதிரும் பக்கவாட்டில் தப்பாது. தண்ணீருக்கு அந்தக் கட்டாயமில்லை: சுமார் 61 டிகிரிக்கு மேல் சாய்ந்து நுழைந்த கதிர் பக்கவாட்டில் வெளியே வந்துவிடும். ஒளிவிலகல் எண்ணை எழுதாமல் இந்தக் கேள்வியைக் கேட்பது நியாயமே இல்லை.

செய்து பார்க்க, அச்சிட்ட எழுத்தின் மேல் பாளத்தை வையுங்கள். மெருகேற்றிய பக்கமுகம் வழியே பார்த்தால் எழுத்து தெரியாது, ஏனென்றால் தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே மெல்லிய காற்றுப் படலம் இருக்கிறது. ஒரு சொட்டு தண்ணீர் விட்டு அழுத்தினால் எழுத்து தெரியும். தண்ணீரிலிருந்து புறப்படும் கதிர் கண்ணாடிக்குள் 62.5 டிகிரிவரை சாயலாம். பக்கமுகத்தில் அது 27.5 டிகிரியில்தான் விழும், தாராளமாக வெளியே வரும்.