வேலைநிறுத்தம், கதவடைப்பு: சொல்லும் சட்டமும்

'ஸ்ட்ரைக்' கப்பலிலிருந்து இறங்கிய சொல். 1768-இல் லண்டன் துறைமுக மாலுமிகள் கூலி உயர்வு கேட்டுப் பாய்களை இறக்கிவிட்டுக் கப்பல்களை நகரவிடாமல் செய்தார்கள். பாயை இறக்குவதற்கு இருந்த வினையே வேலையை விடுவதற்கும் பெயரானது. தமிழில் பாய்க்கும் நமக்கும் வேலையில்லை. நாம் நேரடியாக 'வேலைநிறுத்தம்' என்றோம். அதிலுள்ள 'நிறுத்து' பிறவினை. கரண்ட் போனால் வேலை நிற்கிறது, ஆட்கள் சேர்ந்து முடிவெடுத்தால் வேலையை நிறுத்துகிறார்கள். சட்டம் தேடுவதும் இந்தச் சேர்ந்த முடிவைத்தான். ஒருவர் தனியாகக் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் அது வேலைநிறுத்தம் ஆகாது. வேலையைச் செய்துகொண்டே உண்ணாவிரதம் இருந்தாலும் ஆகாது.

எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும்? சில மணி நேரமே போதும். 1948 நவம்பர் 1 அன்று சூரிய கிரகணம். அதற்கு விடுமுறை கேட்டுக் கிடைக்காததால் சென்னை கர்நாடிக் மில்லில் இரவு ஷிப்டைச் சேர்ந்த 859 பேர் மாலை 4 மணி முதல் 5 மணிக்குள் வேலையை விட்டார்கள். இரவு 10 மணிக்குள் எல்லாம் முடிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பொதுப் பயன்பாட்டுச் சேவையாகக் கருதப்பட்ட அந்த மில்லில் முன்னறிவிப்பு இல்லாமல் நடந்ததால் அது சட்டவிரோத வேலைநிறுத்தம் என்றே தீர்ப்பானது. தொடர் பணி அறுபட்டதா, சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டா என்பதுதான் அங்கே உண்மையான சண்டை.

முதலாளி பக்கத்துச் சொல் 'லாக் அவுட்', தமிழில் கதவடைப்பு. கடையடைப்போடு இதைக் குழப்பக் கூடாது. 'ஹர்த்தால்' என்பதே கடைப்பூட்டு என்று பொருள்படும் குஜராத்திச் சொல். அதற்குத்தான் கடையடைப்பு சரி. கதவடைப்புக்குக் கதவை அடைக்க வேண்டும் என்றுகூட இல்லை. கேட் திறந்திருந்தும், இருக்கிற ஆட்களுக்கு வேலை தர மறுத்தாலே போதும்.

பெயர் மாறினால் பணமும் மாறும். 1957-இல் கோத்தகிரி கைர்பெட்டா எஸ்டேட்டில் மேலாளர் தாக்கப்பட்டார். எஸ்டேட்டின் ஒரு பிரிவைச் சில வாரம் நிர்வாகம் மூடியது. தொழிலாளர்கள் லே-ஆஃப் இழப்பீடு கேட்டார்கள். லே-ஆஃப் என்பது நிலக்கரி, மின்சாரம், சரக்கு போன்றவை இல்லாமல் வேலை தர முடியாத நிலை. இது அந்த வகையல்ல, கதவடைப்பு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை மறுத்தது.

எப்போது வேலைநிறுத்தம் சட்டபூர்வம்? கோரிக்கை நியாயமா என்பதைவிடக் காலண்டர்தான் இதைப் பெரிதும் முடிவு செய்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின்படி எல்லாத் தொழில் நிறுவனத்திலும் முன்னறிவிப்பு கட்டாயம். பழைய 1947 சட்டத்தில் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும்தான் அது இருந்தது. ஸ்ட்ரைக் நாளுக்கு முந்தைய 60 நாளுக்குள் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும், கொடுத்து 14 நாள் கடந்திருக்க வேண்டும், நோட்டீஸில் எழுதிய தேதியும் வந்திருக்க வேண்டும்.

ஒரு சங்கம் ஜூன் 1 அன்று நோட்டீஸ் கொடுத்து, ஜூன் 20 முதல் வேலைநிறுத்தம் என்று எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். 14 நாள் சரியாக இருக்கிறது. ஆனால் ஜூன் 10 அன்று சமரச அதிகாரி முதல் கூட்டத்தை நடத்திவிட்டார். அந்தக் கூட்டத்தோடு சமரச நடவடிக்கை தொடங்கியதாகக் கணக்கு. அது நடக்கும்போதும், முடிந்து 7 நாள் வரையிலும் நிறுத்த முடியாது. எனவே ஜூன் 20 போய்விட்டது. ஜூன் 24-இல் பேச்சு முறிந்து சமரசம் முடிந்தால், ஜூலை 2 காலை ஷிப்டில் இறங்கலாம். இடையில் நிர்வாகம் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டால்? வழக்கு நடக்கும் வரையிலும், அதன் பிறகு 60 நாளும் தடை நீள்கிறது. சங்கங்களின் முக்கியமான குறை இதுதான். அது வெறும் கூச்சல் என்று தள்ள முடியாது: ஒரு மனுவே ஸ்ட்ரைக்கைப் பூட்டிவிடுகிறது.

தற்செயல் விடுப்பு எழுதிக்கொடுத்துத் தப்பிக்கும் பழைய வழியும் அடைபட்டுவிட்டது. 160 பேர் வேலை செய்யும் இடத்தில் 80 பேர் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் விடுப்பு எடுத்தால், புதிய விளக்கப்படி அதுவும் வேலைநிறுத்தம்தான்.

சட்டவிரோதம் என்றானால் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் சட்டவிரோதமான கதவடைப்புக்குப் பதிலடியாக நடக்கும் வேலைநிறுத்தத்தைச் சட்டவிரோதமாகக் கொள்வதில்லை. சட்டபூர்வம் என்றாலே சம்பளம் வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். நிறுத்திய நாட்களுக்கான கூலி வேண்டுமென்றால் அது சட்டபூர்வமாகவும் நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று 1994-இல் சிண்டிகேட் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காலண்டர் பின்னுக்குப் போய், கோரிக்கையின் நியாயம் எடைபோடப்படுவது அந்த இடத்தில்தான்.