இடர்ப்பசி அன்று, இடர் ஏற்பளவு

திட்ட மேலாண்மைக் குறிப்புகளில் 'ரிஸ்க் அப்பிடைட்' என்பதை 'இடர்ப்பசி' என்று எழுதுவது திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு 'நாடுதல்' என்பதே பொருள். உணவை நாடுவது அதில் ஒரு பகுதிதான். ஐ.எஸ்.ஓ. 2009இல் வெளியிட்ட கலைச்சொல் வழிகாட்டியும், ஒரு நிறுவனம் நாடவோ தன்னிடம் வைத்துக்கொள்ளவோ முன்வரும் இடரின் அளவும் வகையும் என்றே இதை விளக்குகிறது.

அளவும் வகையும் என்ற இரண்டையுமே 'பசி' இழந்துவிடுகிறது. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பது நம் வழக்கு. கட்டுப்பாடு குலையும் நிலையைச் சுட்டும் சொல்லை, கட்டுப்பாட்டை வகுக்கும் கருத்துக்குச் சூட்டுவது எப்படிப் பொருந்தும்? மருத்துவமனைக்கு மென்பொருள் அமைக்கும் திட்டம் ஒன்றில், செலவு சற்றுக் கூடினால் பொறுத்துக்கொள்ளும் நிர்வாகம், நோயாளியின் பாதுகாப்பில் எந்த இடரையும் ஏற்காது. முன்னதைப் பசி என்றால் பின்னதைப் பசியின்மை என்பதா? 'இடர் வேட்கை' என்பாரும் உளர். அது ஆசையின் வேகத்தைச் சொல்லுமேயன்றி அளவைச் சொல்லாது. 'இடர் ஏற்பளவு' என்றால் கேட்டவுடனே 'எவ்வளவு?' என்ற கேள்வி எழும். எழ வேண்டிய கேள்வியும் அதுதான்.

அதற்கு விடையாக வைக்கப்படும் எண்ணே 'திரெஷோல்ட்'. இதை 'நுழைவாயில்' என எழுதுவோர் அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடுகின்றனர். 'வரம்பு' என்னும் பழஞ்சொல் போதும்: வயல் வரம்பைக் கடந்த நீர் அடுத்த வயலுக்குப் போவதுபோல, இந்த வரம்பைக் கடந்த இடர் மேலாளரிடமிருந்து, அவருக்கு மேலே திட்டத்துக்குப் பொறுப்பேற்கும் திட்டப் புரவலரிடம் போகிறது.

அந்த மருத்துவமனைத் திட்டத்தின் மதிப்பு 2 கோடி ரூபாய் என்றும், செலவு வரம்பு அதில் 5 விழுக்காடு, அதாவது 10 இலட்சம் என்றும் கொள்வோம். பழைய பதிவேடுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் வேலை தாமதமாக 30 விழுக்காடு வாய்ப்பு உண்டு. தாமதமானால் இழப்பு 20 இலட்சம். வாய்ப்பையும் இழப்பையும் பெருக்கினால் 6 இலட்சம். வரம்புக்குள் இருப்பதால் மேலாளரே பார்த்துக்கொள்ளலாம். மறு மதிப்பீட்டில் வாய்ப்பு 60 விழுக்காடானால் 12 இலட்சம். அன்றே அது புரவலரிடம் போக வேண்டும். ஆனால் வரம்பு இழப்புத் தொகையை மட்டும் குறிப்பதாயின், இதே இடர் முதல் நாளிலேயே மேலே போயிருக்க வேண்டும். எதை அளக்கிறோம் என்று வரம்பில் எழுதாவிட்டால், ஒரே இடரை ஒருவர் மேலே அனுப்புவார், மற்றொருவர் தன்னிடமே வைத்துக்கொள்வார்.

அப்படி அனுப்புவதாகிய 'எஸ்கலேஷன்' என்பதைத் 'தீவிரப்படுத்தல்' என எழுதுவதை இன்னும் கடுமையாக மறுக்கிறேன். போருக்குப் பொருந்தும் அச்சொல், இங்கே மேலாளர் இடரை வளர்ப்பதாகப் பொருள்பட்டு, அனுப்ப வேண்டியவரைத் தயங்க வைக்கிறது. 'மேலனுப்புதல்' என்பதே தெளிவு. இடரின் பொறுப்பைப் புரவலர் வெளிப்படையாக ஏற்றால்தான் மேலனுப்புதல் முழுமை பெறும். அதுவரை, மின்னஞ்சல் போய்ச் சேர்ந்திருந்தாலும், அந்த இடர் மேலாளருடையதே.