பின்தங்கிய பிழை அல்ல, வினாப்பிழை

கோவைப் பக்கம் பொறியியல் மாணவர்களிடம் கைமாறும், கணினிக் கணக்கில் வரும் பிழைகள் பற்றிய ஒரு தமிழ்க் குறிப்பில் ‘பேக்வேர்டு எர்ரர்’ என்பதைப் ‘பின்தங்கிய பிழை’ ஆக்கியிருக்கிறார்கள். ‘பேக்வேர்டு ஸ்டேபிள்’ என்றால் ‘பின்தங்கிய நிலைத்தன்மை’யாம். “பின்தங்குனது எப்படிங்க நிலையா இருக்கும்?” என்று ஒரு பையன் கேட்டான். கேட்கத்தானே செய்வான்!

இங்கே எதுவும் பின்தங்கவில்லை. கிடைத்த விடையில் நின்றுகொண்டு கேள்வியைத் திரும்பிப் பார்க்கிறோம், அவ்வளவுதான். 1970இல் கணினித் துறையின் டூரிங் விருது பெற்ற கணித அறிஞர் வில்கின்சன் இந்தப் பார்வையை நிலைநாட்டினார். விடை எவ்வளவு தப்பு என்பது ஃபார்வேர்டு எர்ரர். அந்த விடை துல்லியமாகப் பொருந்த, கேள்வியைக் குறைந்தது எவ்வளவு திருத்த வேண்டும் என்பது பேக்வேர்டு எர்ரர். நான் விடைப்பிழை, வினாப்பிழை என்பேன்.

இன்னொரு கட்சி ‘உள்ளீட்டுப் பிழை’ என்கிறது. அது இன்னும் மோசம். படிப்பவர் யாரோ எண்ணைத் தப்பாகத் தட்டிவிட்டார்கள் என்று நினைப்பார். தந்த எண்கள் சரியாகவே இருக்கலாம். நாம் கேட்பது ‘எவ்வளவு மாற்றினால் இந்த விடை சரியாகும்’ என்றுதான். வினாப்பிழை என்றால் மாணவர் கருணை மதிப்பெண் கேட்பார் என்று கேலி செய்தார் ஒருவர். கேட்கட்டும், பொருளாவது கிட்டத்தில் வருகிறது.

இந்தக் கணக்கைப் பாருங்கள்:

```
x + y       = 2
x + 1.0001y = 2.0001
```

சரியான விடை x = 1, y = 1. ஒரு நிரல் x = 2, y = 0 என்று தருவதாக வைத்துக்கொள்வோம். முதல் சமன்பாடு அப்படியே பொருந்துகிறது. இரண்டாவதில் 2.0001க்குப் பதில் 2 வருகிறது. அதாவது வலப்பக்கத்தை 0.0001 குறைத்தால் இந்த விடை நூற்றுக்கு நூறு சரி. வினாப்பிழை அதிகபட்சம் இருபதாயிரத்தில் ஒரு பங்குதான். விடைப்பிழையோ நூறு சதவீதம்!

இங்கே நிரலைத் திட்டக்கூடாது. இரண்டு கோடுகளும் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. ஒன்றை மயிரிழை நகர்த்தினாலும் வெட்டும் இடம் எங்கோ ஓடிவிடும். இந்தப் பதற்றத்தை அளப்பது ‘கண்டிஷன் நம்பர்’. இந்தக் கணக்குக்கு அது சுமார் 40,000. விடைப்பிழை, தோராயமாக, வினாப்பிழையை இதனால் பெருக்கிய அளவு வரை போகலாம். ‘பேக்வேர்டு ஸ்டேபிள்’ அல்காரிதம் வினாப்பிழை சிறிதாக இருக்கும் என்று மட்டுமே உறுதி தருகிறது. பெருக்கும் எண் கணக்கோடு பிறந்தது, அல்காரிதத்தின் கையில் இல்லை. ‘நிலைத்தன்மை’ என்று மொட்டையாகப் பெயர்த்தால் விடையே நிலையானது என்று தோன்றிவிடுகிறது. எனக்குக் கடுப்பு அங்கேதான்.

விடையைச் சமன்பாட்டில் போட்டு இரு பக்க வித்தியாசம் சிறிதாக வந்ததும் திருப்திப்படுகிறவர்கள் வினாப்பிழையை மட்டும்தான் சோதிக்கிறார்கள். கண்டிஷன் நம்பரையும் பார்க்க, சமன்பாடுகளின் கெழுக்களை A என்ற அணியாக வைத்துக்கொண்டு பைத்தானில் `numpy.linalg.cond(A)` என்று ஒரு வரி போடலாம். 40,000 வந்தால் நாலைந்து இலக்கம் போகக்கூடும். இரட்டைத் துல்லியத்தின் சுமார் 16 இலக்கத்தில் பதினொன்று மிஞ்சும். 10¹⁶ வந்தால் எந்த இலக்கத்தையும் நம்ப முடியாது.