'ஒப்புக்கொண்டார்' என்று எழுதுமுன்: மதிப்பீட்டு உரையாடலைச் சுருக்குவது பற்றி

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கூட்டுறவுச் சங்கங்கள், சிறுகடன் அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள் பலவற்றில் வருடாந்தச் செயலாற்றுகை மதிப்பீட்டை இப்போது கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்கிறார்கள். பிறகு யாராவது ஒருவர் அதைக் கேட்டு, பலங்கள், கவலைகள், இணங்கிய இலக்குகள் என்று மூன்று தலைப்பில் ஒரு பக்கம் எழுதி, முகாமையாளரும் உத்தியோகத்தரும் கையெழுத்திடக் கொடுப்பார். நான் மனிதவள வேலையில் இந்தப் பக்கங்களை எழுதியும் திருத்தியும் வருகிறேன். தகராறு கிளம்புவது பெரும்பாலும் மூன்றாவது தலைப்பில்தான். ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்றாரா, எந்த நிபந்தனையோடு ஏற்றார் என்பது அங்கேதான் தொலைந்துபோகிறது.

ஒரு உரையாடலை எடுத்துப் பார்ப்போம். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஏழு கிராமங்களில் கடன் குழுக்களைப் பார்க்கும் ஒரு பெண் கள உத்தியோகத்தர். ஒக்டோபரில் 94 வீதமாக இருந்த கடன் அறவீடு டிசம்பரில் 81க்கு இறங்கிவிட்டது. ஜனவரி முதல் வாரம் கிளை முகாமையாளரோடு மதிப்பீடு. பதிவின் 31ஆவது நிமிடத்தில் இருவரும் பேசியது இது:

"மார்ச் முடியுறதுக்குள்ள தொண்ணூறுக்குக் கொண்டு வரணும் தங்கச்சி. சரிதானே?"

"ஓம் சேர். ஆனா வெள்ளாமை வெட்டி நெல்லு வித்தாத்தான் அவங்கட கையில காசு வரும். வெள்ளம் நிண்ட அந்த ரெண்டு ஊரையும் விட்டுப் பாத்தா மார்ச்சுக்குள்ள ஏலும். பைக்கையும் ஒருக்காச் செய்து தந்தீங்க எண்டா நல்லம்."

"பைக்கைப் பத்தி நான் தலைமை அலுவலகத்தோட கதைக்கிறன். நீங்க இதப் பாருங்க."

"ம்ம்."

இதைக் கேட்டு எழுதப்பட்ட முதல் சுருக்கத்தில் இருந்தது ஒரே வரி: 'மார்ச் 31க்குள் அறவீட்டை 90 வீதத்துக்கு உயர்த்த உத்தியோகத்தர் ஒப்புக்கொண்டார்.' படிக்கத் தெளிவாக இருக்கிறது. பதிவோடு ஒத்துப் பார்த்தால் மூன்று விடயங்கள் காணாமற் போயிருக்கின்றன. இரண்டு ஊரை விட்டுப் பார்த்தால் என்று அவர் சொன்னது இல்லை. மோட்டார் சைக்கிளைப் பற்றி முகாமையாளர் தந்த வாக்கு இல்லை. மூன்றாவது, கூர்ந்து கேட்டால்தான் பிடிபடும்: இரண்டு ஊர்களை விலக்குவதை முகாமையாளர் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பேச்சை பைக்குக்குத் திருப்பிவிட்டார். கடைசியில் வந்த 'ம்ம்' எதற்கான பதில் என்று பதிவைக் கேட்பவர் தீர்மானிக்க முடியாது. முதலில் வந்த 'ஓம் சேர்' கூட, அடுத்த மூச்சிலேயே 'ஆனா' வந்ததால், கேட்டுக்கொண்டேன் என்பதற்கு மேல் எதையும் தரவில்லை.

ஆக, 31ஆவது நிமிடத்தில் உடன்பாடு எதுவும் ஏற்படவில்லை. ஒரு முன்மொழிவும் அதற்கு ஒரு எதிர் முன்மொழிவும்தான் இருந்தன. அதை உடன்பாடாக எழுதினால், ஜூன் மாதம் சம்பள உயர்வு பேசும்போது அந்த வரி மட்டும்தான் மேசைக்கு வரும்.

இதைத் தவிர்க்க நான் பின்பற்றும் ஒழுங்கு எளிது. முதல் தடவை எதையும் எழுதாமல் முழுப் பதிவையும் கேட்பேன். நடுவில் நிறுத்தி எழுதத் தொடங்கினால், முதல் பத்து நிமிடத்தில் பேசியதுதான் பெரிதாகத் தெரியும். இரண்டாம் தடவை நிமிடக் குறிப்போடு எழுதுவேன். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் யார் சொன்னது, மற்றவர் என்ன பதில் சொன்னார் என்பது இருக்கும். 'பதில் இல்லை' என்பதும் அங்கே ஒரு பதிவுதான். அதன் பிறகுதான் தலைப்பு பிரிப்பு.

இலக்கு என்ற தலைப்புக்குள் ஒன்று போக வேண்டுமானால் நான்கு கேள்விக்கும் பதிவிலேயே விடை இருக்க வேண்டும்: என்ன செய்வது, எந்தத் திகதிக்குள், யார் செய்வது, மற்றப் பக்கம் அதற்கு என்ன தருகிறது. நான்கில் ஒன்று குறைந்தாலும் அது நான்காவது ஒரு தலைப்புக்குப் போகும். 'முடிவாகாதவை' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். பல நிறுவனங்களின் படிவத்தில் இந்த இடமே கிடையாது. இடம் இல்லாததால், அரைகுறையாகப் பேசியதெல்லாம் இலக்குப் பெட்டிக்குள் திணிக்கப்படுகிறது. படிவத்தில் ஒரேயொரு மாற்றம் செய்யலாம் என்றால் இந்தப் பெட்டியைச் சேர்க்கத்தான் சொல்வேன்.

நம்முடைய உதாரணத்தில் அறவீட்டு இலக்கு 'முடிவாகாதவை'க்குள் போனது. அதன் கீழே இரண்டு கேள்விகள். வெள்ளம் நின்ற இரண்டு கிராமங்களும் இந்த 90க்குள் அடங்குமா? மோட்டார் சைக்கிள் எந்தத் திகதிக்குள் திருத்தப்படும், அதுவரை மார்ச் 31 என்ற திகதி பொருந்துமா? சுருக்கம் எழுதுபவர் இந்தக் கேள்விகளுக்குத் தானே விடை போடக்கூடாது. நியாயமான விடை கண்ணுக்குத் தெரிந்தாலும் போடக்கூடாது, அது இருவரும் பேசாத ஒன்று. கேள்விகள் இருவருக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும். முகாமையாளரிடம் முதலில் கேட்டு அவர் பதிலை உத்தியோகத்தரிடம் கொண்டுபோனால், இங்குள்ள அலுவலகப் பழக்கத்தில் அவர் வேறு என்ன சொல்லப் போகிறார்?

இருவரும் கால் மணித்தியாலம் மறுபடி பேசினார்கள். இறுதியில் எழுதியது இப்படி வந்தது: 'ஐந்து கிராமங்களில் மார்ச் 31க்குள் 90 வீதம். வெள்ளம் நின்ற இரண்டு கிராமங்களுக்கும் தனிக் கணக்கு, ஏப்ரல் 30க்குள் 85 வீதம். மோட்டார் சைக்கிளை ஜனவரி 31க்குள் திருத்திக் கொடுப்பது முகாமையாளரின் பொறுப்பு. அது நடக்காவிட்டால் திகதிகள் மறுபடி பேசப்படும்.' நீளம் கூடிவிட்டதுதான். ஆனால் பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் வரும் ஊரில், வயல் அழிந்த குடும்பத்துக்கும் அழியாத குடும்பத்துக்கும் ஒரே திகதி போடுவது எழுத்தில்தான் நடக்கும், களத்தில் நடக்காது.

கவலைகள் பகுதியில் நான் இரண்டு காரியத்தைக் கவனிப்பேன். ஒன்று, கவலை இரண்டு பக்கமும் இருக்கும். முகாமையாளரின் கவலைகளை மட்டும் அங்கே எழுதி, உத்தியோகத்தர் சொன்னதை 'கோரிக்கை' என்று அடியில் போடுவது வழக்கமாகிவிட்டது. மழைக் காலத்தில் பழுதான வண்டியோடு வாவிக்கு அப்பால் தனியாகப் போய்வருவது அவருடைய கவலை. அறவீடு குறைந்தது முகாமையாளரின் கவலை. இரண்டும் ஒரே தலைப்பில், யாருடையது என்ற குறிப்போடு வர வேண்டும். இரண்டாவது, ஆளைப் பற்றிய சொல்லை நடந்ததைப் பற்றிய சொல்லாக இறக்குவது. இந்தப் பதிவில் முகாமையாளர் ஓரிடத்தில் "உங்களுக்குப் பொறுப்பு காணாது" என்கிறார். தொடர்ந்து கேட்டால், நவம்பர் மாத அறிக்கை ஒன்பது நாள் பிந்தியதைத்தான் அவர் சொல்கிறார். பிந்தியதை உத்தியோகத்தரும் மறுக்கவில்லை. 'நவம்பர் அறிக்கை ஒன்பது நாள் தாமதம்' என்பதை இருவரும் உறுதிப்படுத்தலாம். 'பொறுப்பு காணாது' என்பதை எவரும் தன்னைப் பற்றிக் கையெழுத்திட்டு ஏற்கமாட்டார். எந்தச் சம்பவத்தையும் சுட்டாத குற்றச்சாட்டு பதிவில் இருந்தால், 'முகாமையாளர் இவ்வாறு சொன்னார், உதாரணம் பேசப்படவில்லை' என்று எழுதிவிடுவேன். முழுக்க நீக்கிவிட்டால் அதுவும் பதிவை மாற்றுவதுதான்.

அறிக்கை பிந்தியதற்குக் காரணமாக அந்த உத்தியோகத்தர் தன் தாயாரின் நோயைப் பற்றிச் சொன்னார். நோயின் பெயர், வைத்தியசாலை எல்லாம் பதிவில் இருக்கிறது. சுருக்கத்தில் 'குடும்பத்தில் மருத்துவத் தேவை இருந்ததாகக் கூறினார்' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் போகக்கூடாது. அதையும் அவரிடம் கேட்டுவிட்டே சேர்க்க வேண்டும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனி வகையாக வைத்துக் கூடுதல் பாதுகாப்பு வகுத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு தாயின் நோய் மகளின் வேலைக் கோப்பில் வருடக்கணக்காகக் கிடக்கத் தேவையில்லை. கடன் கட்டாத அங்கத்தவர்களின் பெயர்களுக்கும் இதே விதிதான்.

பலங்கள் பகுதியை எழுதுபவர்கள் தேடும் இடம் பெரும்பாலும் தவறு. முகாமையாளர் தொடக்கத்தில் "குழுக் கூட்டமெல்லாம் நல்லா நடத்துறீங்க" என்றார். அது பேச்சைத் தொடங்குவதற்குச் சொல்வது. உண்மையான பலம் 22ஆவது நிமிடத்தில், அறவீட்டைப் பற்றிக் கறாராகப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் வாயிலிருந்தே வருகிறது: வெள்ளம் வருமுன் உத்தியோகத்தர் ஒவ்வொரு குழுத் தலைவிக்கும் தொலைபேசி எடுத்து, கணக்குப் புத்தகங்களை உயரத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார். ஏழு ஊரிலும் ஒரு புத்தகம்கூட நனையவில்லை. இதை எழுதினால் அடுத்த வருடம் யாரும் அதை வெறும் பாராட்டு என்று தள்ளமுடியாது.

உறுதிப்படுத்தும் இடத்துக்கு வருகிறேன். சுருக்கம் இரண்டு, மூன்று நாளுக்குள் இருவர் கையிலும் இருக்க வேண்டும். பிந்தினால் பேசியது மங்கி, மனதில் தங்கிய கோபமோ நிம்மதியோதான் மிஞ்சும். கையெழுத்துக்கு மேலே இரண்டு தனித்தனி வரிகள் போடுங்கள்: 'நாங்கள் பேசியது இதுதான்' என்று ஒன்று, 'மதிப்பீட்டோடு உடன்படுகிறேன்' என்று மற்றொன்று. முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்று சொல்ல ஒருவருக்கு முழு உரிமை உண்டு. இரண்டும் ஒரே வரியாக இருக்கும் படிவத்தில், மதிப்பீட்டை ஏற்காதவர் கையெழுத்தே போடமாட்டார். அல்லது வேலைக்குப் பயந்து போட்டுவிடுவார். அந்தக் கையெழுத்தால் நிறுவனத்துக்கும் பயன் இல்லை.

ஒரு வரியில் இருவருக்கும் முரண் வந்தால் நிமிடக் குறிப்பைக் காட்டி அந்த இடத்தை மட்டும் இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும். கேட்டும் தீரவில்லை என்றால் இருவர் சொல்வதையும் அவரவர் சொற்களில் அடுத்தடுத்து எழுதிவிடலாம். மின்விசிறி இரைச்சலில் சொல் விளங்காத இடங்களும் வரும். அங்கே 'கேட்கவில்லை' என்று எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். கைப்பேசியை முகாமையாளர் பக்கம் வைக்காமல் மேசை நடுவில் வைத்தால், தாழ்ந்த குரலில் பேசும் உத்தியோகத்தரின் பதில்கள் இவ்வளவு தொலையாது.

பதிவு செய்வதற்கான சம்மதத்தை பதிவின் தொடக்கத்திலேயே இருவர் குரலிலும் வாங்குங்கள். யார் கேட்பார், எப்போது அழிக்கப்படும் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். நான் வேலை செய்யும் இடங்களில் இருவரும் கையெழுத்திட்டு முப்பது நாள் கழித்து ஒலிக் கோப்பை அழிக்கிறோம். வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அங்கிருந்தும், முகாமையாளரின் கைப்பேசியிலிருந்தும் சேர்த்தே அழிக்க வேண்டும். மேன்முறையீடு நடந்துகொண்டிருந்தால் அது முடியும்வரை வைத்திருப்போம், வைத்திருப்பதை உத்தியோகத்தருக்கு எழுத்தில் அறிவிப்போம்.