dBZ: மழை ரேடார் படத்தின் நிறங்களுக்குப் பின்னால் இருக்கும் சொல்

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சாயங்காலம் மேற்கே கறுத்தால் போதும், காரைக்குடிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ரேடார் படம் ஒன்று சுற்ற ஆரம்பித்துவிடும். பச்சை, மஞ்சள், சிவப்புத் திட்டுகள், மேலே சில அம்புக்குறிகள், கீழே "இப்ப கிளம்பலாமா?" என்று ஒரு கேள்வி. அந்தப் படத்தின் ஓரத்தில் நிறப்பட்டையோடு dBZ என்று மூன்று எழுத்து இருக்கும். கேள்விக்கான பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது.

முதலில் ரேடார். 1940-இல் அமெரிக்கக் கடற்படை புழக்கத்துக்குக் கொண்டுவந்த சுருக்கப் பெயர் இது. வானொலி அலையை அனுப்பி, ஒரு பொருள் இருப்பதைக் கண்டறிந்து, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளப்பது என்பதே அதன் விரிவு. தமிழில் 'கதிரலைக் கும்பா' என்று எழுதுவோர் உண்டு. கும்பா நம் வீடுகளில் புழங்கிய பாத்திரம்தான். ஆனால் அந்தப் பெயர் அலைவாங்கியின் வடிவத்தைச் சொல்கிறதே தவிர, அது செய்யும் வேலையைச் சொல்லவில்லை. ரேடார் என்றே வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. தமிழ்ச் சொல் உண்மையில் தேவைப்படுவது dBZ-க்குத்தான்.

dB என்பது டெசிபல். 'டெசி' என்றால் பத்தில் ஒரு பங்கு. 'பெல்' தொலைபேசியோடு நாம் சேர்த்துச் சொல்லும் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயர். கம்பி வழியே போகும் குரல் எவ்வளவு தேய்கிறது என்று அளக்கத் தொலைபேசிப் பொறியாளர்கள் உருவாக்கிய அலகு அது. Z என்பது மழைத்துளிகள் ரேடாருக்குத் திருப்பி அனுப்பும் அலையின் அளவு. இதை 'எதிரொளிப்பு' என்று எழுதுகிறார்கள், சிலர் 'எதிரொலி' என்கிறார்கள். ரேடார் அனுப்புவது ஒளியும் இல்லை, ஒலியும் இல்லை, வானொலி அலை. அதனால் 'எதிரலை வலு' என்பதே பொருத்தம். 40 dBZ என்றால் எதிரலை வலு 40.

இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் ஒன்று தெளிவாகும்: நிறம் காட்டுவது மழையை அல்ல, திரும்பி வந்த அலையை. ஒரு துளியிலிருந்து திரும்பும் அலை அதன் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. துளி இரு மடங்கு பெரிதானால் எதிரலை 64 மடங்கு. அதனால் பெரிய துளிகள் கொஞ்சம் இருந்தாலே படம் சிவந்துவிடும், பொடித்தூறல் அடர்த்தியாக விழுந்தாலும் பச்சையைத் தாண்டாது. மார்ஷல், பால்மர் என்ற இருவர் 1948-இல் தந்த கணக்குப்படி, 20 dBZ என்றால் மணிக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், சாலை நனையும் அளவுதான். 30 என்றால் சுமார் 3 மில்லிமீட்டர், 40 என்றால் சுமார் 12. 50 வந்தால் 50 மில்லிமீட்டரை நெருங்கும், இரு சக்கர வண்டியில் எதிரே எதுவும் தெரியாது. ஒரே நிறத்துக்கு ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு எண்ணை வைத்திருக்கும். ஆகவே நிறத்தைப் பார்க்காமல் பட்டையில் உள்ள எண்ணைப் பாருங்கள்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் பகுதியைப் பார்க்கும் முக்கியமான வானிலை ரேடார் காரைக்காலில் இருக்கிறது. அங்கிருந்து காரைக்குடி நேர்கோட்டில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ரேடாரின் அலைக் கற்றையைத் தரைக்கு மேல் அரை பாகை உயர்த்தி அனுப்பினாலும், பூமி வளைந்திருப்பதால் நம் ஊரை எட்டும்போது அதன் நடுப்பகுதி சுமார் இரண்டரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். படத்தில் தெரிவது அந்த உயரத்து நீர். கோடையில் அது தரைக்கு வருமுன்பே காய்ந்துபோகலாம், படத்தில் பச்சை இருக்க, ஊரில் ஒரு சொட்டும் விழாது. அதேபோல் கற்றைக்குக் கீழே தாழ்ந்த மேகத்திலிருந்து விழும் தூறல் படத்தில் வராமலே போகலாம்.

அப்புறம் அம்புக்குறி. அது எதிரலையிலிருந்து நேராக வருவது இல்லை. டாப்ளர் ரேடாரால் துளிகள் தன்னை நோக்கி வருகின்றனவா, விலகுகின்றனவா என்பதை மட்டும்தான் அளக்க முடியும். நாம் காரைக்காலுக்குத் தென்மேற்கில் இருக்கிறோம். வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நம்மைக் கடக்கும் மழை அந்த ரேடாருக்குக் குறுக்காகப் போகிறது, ஏறக்குறைய அசையாதது போலவே தெரியும். ஆகவே அம்பை வரைவது கணினிக் கணக்கு. ஒன்று, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டுத் திட்டு எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து வரைந்திருக்கும். இல்லையென்றால், வானிலையை முன்கணிக்கும் கணினி மாதிரி ஒன்று சொல்லும் காற்றின் திசையாக இருக்கும். இரண்டாவது வகை மழை போகும் திசையாக இருக்க வேண்டியதில்லை. அதனால் அம்பை நம்புவதைவிட, நேரம் போட்ட இரண்டு படங்களை வைத்து நாமே அளப்பது நல்லது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கானாடுகாத்தானில் இருக்கும் செவிலியர் ஒருவருக்குக் காரைக்குடியில் மாலை 6:30-க்கு வேலை. ஸ்கூட்டரில் அரை மணி நேரம் ஆகும். மேற்கே சிங்கம்புணரிப் பக்கம் 45 dBZ திட்டு ஒன்று நிற்கிறது. கையில் இரண்டு படங்கள். ஒன்றில் நேரம் 1130 UTC, மற்றதில் 1150 UTC. UTC என்பது உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும்: மாலை 5:00, 5:20. (இதைக் கவனிக்காமல் 1150 என்பதை மதியப் படம் என்று நினைத்து ஒதுக்குகிறவர்கள் நிறையப் பேர்.) முதல் படத்தில் திட்டின் முன்விளிம்பு காரைக்குடியிலிருந்து 32 கிலோமீட்டர், இரண்டாவதில் 24. இருபது நிமிடத்தில் எட்டு, மணிக்கு 24 கிலோமீட்டர் வேகம். படத்தின்படி இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. ஆனால் அது கைக்கு வந்தபோது மணி 5:35. அதற்குள் முன்விளிம்பு இன்னும் ஆறு கிலோமீட்டர் நெருங்கியிருக்கும். மீதி 18 கிலோமீட்டர், 45 நிமிடம், அதாவது 6:20. கானாடுகாத்தானும் அந்தத் திட்டிலிருந்து ஏறக்குறைய அதே தூரம்தான், அங்கேயும் அந்த நேரமே.

இப்போதே கிளம்பினால் 6:05-க்குள் போய்ச் சேரலாம், கையிருப்பு கால் மணி நேரம். "காபி குடிச்சிட்டு ஆறு மணிக்குக் கிளம்புறேன்" என்றால் வழியிலேயே மாட்டிக்கொள்வார். திட்டு கடந்து முடியட்டும் என்று காத்திருந்தால் வேலைக்குத் தாமதம். ஆகவே 5:35-க்கே கிளம்ப வேண்டும்.

இந்தக் கணக்கைக் கெடுக்கக்கூடியது ஒன்று உண்டு. இடிமேகத்திலிருந்து கீழே இறங்கும் குளிர்காற்று தரையில் பரவி, திட்டுக்கு முன்னால் பல கிலோமீட்டர் ஓடும். போகிற வழியில் வெப்பக்காற்றை மேலே தள்ளிப் புது மேகத்தை எழுப்பும். அந்தக் காற்று தாழ்வாக வருவதால் 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரேடாருக்குத் தெரியாது. வாசலில் நிற்பவருக்குத் தெரியும்: புழுக்கம் சட்டென்று விட்டு, மேற்கிலிருந்து புழுதியோடு குளிர்காற்று அடிக்கும். அதை உணர்ந்துவிட்டால் 6:20 என்ற கணக்கை விட்டுவிட வேண்டும், தலைக்கு மேலேயே பத்து நிமிடத்தில் புதுத் திட்டு உருவாகலாம். இடிச்சத்தமும் கேட்டால் மின்னல் எட்டும் தூரத்துக்கு வந்தாயிற்று. அப்போது ஸ்கூட்டரை எடுக்காமல், தாமதமாகும் என்று வேலையிடத்துக்குப் போன் செய்துவிட்டு உள்ளேயே இருப்பதுதான் சரி.