"எந்த வேலையும் செய்வன்" என்ற மெசேஜுக்கு ஏன் பதில் வருவதில்லை?

கிளிநொச்சியில், கடைகளுக்கும் கொம்பனிகளுக்கும் தற்காலிகமாக ஆள் ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வேலை கேட்டு வட்ஸ்அப்பில் வருகிற மெசேஜ்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும்: "வணக்கம் அண்ணா, வேலை ஏதும் இருக்கா? எந்த வேலையும் செய்வன்." எழுதுகிறவர் மரியாதையாகத்தான் எழுதுகிறார். வேலையில் பேதம் பார்க்காத ஆள் என்று காட்டினால் சீக்கிரம் கூப்பிடுவார்கள் என்றும் நினைக்கிறார். நடப்பது நேர்மாறு. இந்த மெசேஜை வைத்து அவரை எங்கேயும் அனுப்ப எனக்கு வழியில்லை.

எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் இது விளங்கும். ஒரு கொம்பனி ஆள் கேட்கும்போது, "நல்ல ஆளாய் ஒராளைத் தாங்கோ" என்பதோடு நிற்பதில்லை. என்ன வேலை, எத்தனை பேர், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், எங்கே, என்ன கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லித்தான் கேட்கும். பதில் சொல்ல எங்களுக்குக் கிடைப்பது அரை நாளோ ஒரு நாளோ. அந்த நேரத்தில் நான் முதலில் செய்வது, போனில் தேடும் இடத்தில் ஒரு சொல்லைத் தட்டுவது. "பில்லிங்", "ஸ்டோர்ஸ்", "ஜூக்கி", "டைப்பிங்" என்று கொம்பனி கேட்ட வேலை எதுவோ அந்தச் சொல். யாருடைய மெசேஜில் அது இருக்கிறதோ அவர் மேலே வருவார். "எந்த வேலையும்" என்று எழுதியவர் எந்தத் தேடலிலும் வரமாட்டார்.

இதனால்தான் வொய்ஸ் அனுப்ப வேண்டாம் என்கிறேன். பேசுவது சுகம்தான், எனக்குக் கேட்கவும் பிடிக்கும். ஆனால் இரண்டு மாதம் கழித்து அதற்குள் இருக்கும் "பில்லிங்" என்ற சொல்லை என் போன் கண்டுபிடித்துத் தராது. சுயவிவரக் கோவையைப் படம் எடுத்து அனுப்பினாலும் அதே கதை. கோவை தேவைப்பட்டால் நாங்களே கேட்போம். முதல் மெசேஜ் தட்டச்சு செய்த எழுத்தாக இருக்கட்டும், போன் திரையில் ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல்.

ஒரு உதாரணம். தர்மபுரத்தைச் சேர்ந்த ஒரு தங்கச்சி. இரண்டு பிள்ளைகள், இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். கலியாணத்துக்கு முன்னர் ஒரு கூட்டுறவுக் கடையில் பில் போட்டவ. அவவின் முதல் மெசேஜும் "எந்த வேலையும்" வகைதான். போன் எடுத்துக் கதைத்தபோதுதான் ஒவ்வொன்றாக வெளியில் வந்தது: மனுசன் வயல் செய்கிறார், காலபோக அரிவு வெட்டு முடியும் மட்டும் வீட்டை விட்டு அசைய ஏலாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிந்து ஒன்றரைக்கு வந்தால் பார்க்க அம்மா இருக்கிறா. ஆனால் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு பரந்தனிலிருந்து பஸ்ஸை நம்ப முடியாது. ஞாயிறு வேலைக்கு வரமாட்டா. எக்ஸெலில் பெயரும் தொகையும் பதிவா, கூட்டுத்தொகை எடுப்பா, அதற்கு மேலே தெரியாது. சிங்களம் விளங்கும், கொஞ்சம் கதைப்பா, வாசிக்கத் தெரியாது.

இத்தனையும் எனக்குத் தேவையான தகவல். அவவோ முக்கால்வாசியைத் தன் குறை என்று நினைத்து மறைத்திருந்தா. பிறகு நாங்கள் இருவருமாக எழுதிய மெசேஜ் இது:

"வணக்கம். தர்மபுரத்தில் இருக்கிறேன். தற்காலிக வேலை தேடுகிறேன்: பில்லிங், காசாளர், ஸ்டோர்ஸ் பதிவு, டேட்டா என்ட்ரி. பெப்ரவரி 23 முதல் ஜூலை 15 வரை வரலாம். திங்கள் முதல் சனி வரை, காலை 8 முதல் மாலை 5.30 வரை. ஞாயிறும் இரவு ஷிப்டும் முடியாது. ஒரு கிழமை வேலையும் சரி, சில மாத வேலையும் சரி. கூட்டுறவுக் கடையில் இரண்டு வருடம் பில் போட்டிருக்கிறேன், பார்கோட் மெஷின் பழக்கம். எக்ஸெலில் பதிவும் கூட்டலும் தெரியும். தமிழ் டைப்பிங் யுனிகோட். சிங்களம் பேசுவேன், வாசிக்க முடியாது. பரந்தன், கிளிநொச்சி, விசுவமடு வரை பஸ்ஸில் வருவேன். இரண்டு நாள் முன்னறிவித்தல் போதும். பின்னேரம் 2 மணிக்குப் பிறகு கோல் எடுக்கலாம்."

கீழே பெயரும் போன் இலக்கமும். அவ்வளவுதான்.

இதில் எனக்கு மிகப் பெறுமதியானது திகதி. "உடனடியாக", "எப்பவும்" என்று எழுதுவோர் நிறைய. அது உண்மையாக இருப்பது அபூர்வம். வன்னியில் யாருடைய நாட்களும் வயலோடோ, கடலோடோ, பிள்ளைகளின் பரீட்சையோடோ கட்டுண்டுதான் கிடக்கின்றன. அதை மறைத்து வேலைக்குச் சேர்ந்தவர் வெட்டு மெஷின் வயலுக்கு வந்த அன்று போனை ஓஃப் பண்ணிவிடுவார். கொம்பனி கோபப்படுவது எங்களிடம். அடுத்த தடவை அவருடைய ஊர்க்காரரையே வேண்டாம் என்று சொன்ன இடமும் உண்டு.

தொடக்கத் திகதியை எழுதுகிறவர்கூட முடிவுத் திகதியை விட்டுவிடுகிறார். தற்காலிக வேலையில் முடிவுத் திகதிதான் பல நேரம் தீர்மானிக்கும். பிரசவ விடுமுறையில் போகும் ஒருவருக்குப் பதிலாக ஆள் கேட்பது எங்களுக்கு வழக்கமாக வரும் வேலை. கடை, காரியாலய ஊழியருக்கான சட்டத்தில் அந்த விடுமுறை 84 நாள். 84 நாள் என்றதும் மூன்று மாதத்துக்குள் முடியும் என்று எல்லாரும் கணக்குப் போடுவார்கள். அந்த 84இல் வாராந்த விடுமுறையும் போயாவும் சட்டப்படியான விடுமுறைகளும் சேராது. பெப்ரவரி முதல் கிழமையில் தொடங்கும் விடுமுறைக்கு ஞாயிறுகளை மட்டும் கழித்தாலே 14 கிழமை வரும். அதோடு சுதந்திர தினம், போயாக்கள், சித்திரைப் புத்தாண்டு, மே தினம் எல்லாம் கழிந்தால் மே நடுப்பகுதியைத் தாண்டிவிடும். "மூன்று மாதம் வேலை செய்யலாம்" என்று எழுதியவர் ஏப்ரல் முடிவில் விலகினால், கடைசி இரண்டு, மூன்று கிழமைக்கு மட்டும் புதிதாக ஒருவரைப் பழக்க எந்தக் காரியாலயமும் விரும்பாது. ஆகவே மாதக் கணக்கு வேண்டாம், திகதி எழுதுங்கள்.

தர்மபுரத் தங்கச்சிக்கு அப்படியொரு பிரசவ விடுமுறை வேலை பெப்ரவரி தொடக்கத்தில் வந்தது. அவவின் 23ஆம் திகதியோடு பொருந்தவில்லை. நான் கேட்கவும் இல்லை, அவவுக்கு மனம் நோகவும் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு ஹார்ட்வெயார் கடையிலிருந்து சாமான் கணக்கெடுக்க ஒரு கிழமைக்கு ஆள் கேட்டார்கள். கொம்பனிகள் பலவற்றுக்கு மார்ச் 31இல் கணக்கு வருடம் முடிவதால் அந்த நாட்களில் இந்த வேலை வரும். "ஸ்டோர்ஸ்" என்று தட்டினேன், அவவின் மெசேஜ் வந்தது. "ஒரு கிழமை வேலையும் சரி" என்ற வரியைப் பார்த்துத்தான் கோல் எடுத்தேன். அந்த வரி இல்லாவிட்டால், நீண்ட வேலை தேடுகிறவ என்று நினைத்துக் கடந்து போயிருப்பேன்.

திறமை பற்றி எழுதும்போது அளவோடு எழுதுங்கள். "கொம்ப்யூட்டர் தெரியும்" என்பதில் எனக்கு ஒன்றுமில்லை. தமிழ் டைப்பிங் என்றால் யுனிகோட்டா பாமினியா என்று நான் கட்டாயம் கேட்பேன். பழைய கோப்புகள் பாமினியில் கிடக்கும் காரியாலயங்கள் இன்னும் உண்டு, இரண்டும் தெரிந்தவர் உடனே போய்விடுவார். தையல் என்றால் எந்த மெஷின், ஜூக்கியா ஓவர்லொக்கா. லைசன்ஸ் என்றால் எந்த வகுப்பு. ஆட்டோ ஓடும் லைசன்ஸோடு டிமோ பட்டா ஓட வந்து நின்றவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. என்.வி.கியூ. சான்றிதழ் இருந்தால் மட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள். தெரியாததையும் ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். "சிங்களம் வாசிக்க முடியாது" என்று தங்கச்சி எழுதியதால், கொழும்பிலிருந்து சிங்களத்தில் கடிதம் வரும் காரியாலயத்துக்கு நான் அவவை அனுப்பமாட்டேன். மற்ற எல்லா இடத்துக்கும் பயமில்லாமல் அனுப்புவேன்.

சம்பளம் எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதலாம், கட்டாயமில்லை. தனியார் துறையில் ஆகக்குறைந்த சம்பளம் 2026 ஜனவரி முதல் மாதம் 30,000 ரூபாய், நாளுக்கு 1,200 ரூபாய் என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். அதற்குக் கீழே யார் சொன்னாலும் ஏற்கத் தேவையில்லை. தற்காலிக ஆளுக்கும் ஈ.பி.எஃப். உண்டு: உங்கள் சம்பளத்தில் 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம், ஈ.டி.எஃப். தனியாக 3 வீதம். அதை ஏஜென்சி கட்டுமா கொம்பனி கட்டுமா என்பதை முதல் மெசேஜில் கேட்க வேண்டாம். வேலை உறுதியாகும்போது கட்டாயம் கேளுங்கள்.

முதல் மெசேஜோடு அடையாள அட்டைப் படம், வங்கிப் புத்தகப் படம் அனுப்பாதீர்கள். உங்களை ஒரு இடத்துக்குத் தெரிவு செய்த பிறகுதான் அவை தேவை. அதற்கு முன்னர் கேட்கிற இடத்தில் காரணம் கேளுங்கள். ஆள் வழங்கும் வேலையில் எங்களுக்கு வருமானம் தருவது ஆள் எடுக்கும் கொம்பனி. "பதிவுக் காசு போடுங்கோ, நாளைக்கே வேலை" என்று ஈசி கேஷ் இலக்கம் அனுப்புகிறவரிடம் காரியாலயம் எங்கே என்று கேட்டு, நேரில் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. தேடும்போது ஒரே சொல்லுக்குப் பலர் வந்தால், அண்மையில் எழுதியவரைத்தான் முதலில் கூப்பிடுவேன். நாலு மாதத்துக்கு முன்னர் எழுதியவர் இப்போது வேறெங்கோ வேலையில் இருக்கலாம், இலக்கத்தையும் மாற்றியிருக்கலாம். அதனால் மாதம் ஒருமுறை அந்தப் பழைய மெசேஜையே திகதியை மட்டும் சரிபார்த்துத் திரும்ப அனுப்புங்கள். வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டால் "இப்போது வேலையில் இருக்கிறேன், ஆகஸ்ட் முதலாம் திகதிக்குப் பிறகு வரலாம்" என்று ஒரு வரி போடுங்கள். ஆகஸ்டில் வரும் வேலைக்கு ஆள் தேடும்போது உங்கள் பெயர் மேலே நிற்கும்.