எட்டாவது வரியில் நின்றுபோன கவிதை

மட்டக்களப்பில் நான் தமிழ் கற்பித்த காலத்திலும், ஓய்வுபெற்ற பின் பிறருடைய கவிதைப் பிரதிகளைச் செம்மைப்படுத்திக் கொடுக்கும் இந்தக் காலத்திலும், என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் புதிய கவிதையுடன் வருவதில்லை. பழைய சீ.ஆர். கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து, நடுவில் காகிதத் துண்டு செருகியிருக்கும் பக்கத்தைத் திறந்து காட்டுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தொடங்கி நின்றுபோன ஒன்று அங்கே இருக்கும். அதை மீட்பதா, ஓய்வு கொடுத்து அனுப்புவதா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. இதற்கு ஆசையும் இரக்கமும் பதிலாகிவிடக் கூடாது. கவிதை எந்த இடத்தில், எதனால் நின்றது என்று கண்டறிந்த பிறகே தீர்மானிக்க வேண்டும். அதைக் கண்டறியும் விதத்தை ஒரே ஒரு கவிதையை வைத்துச் சொல்கிறேன். உரியவரின் அனுமதியுடனேயே வரிகளைத் தருகிறேன்.

கல்லடிக்கு அப்பால், ஒருபுறம் வாவியும் மறுபுறம் கடலுமாக நீண்டு கிடக்கும் மணல்திட்டில் வளர்ந்த ஒரு முன்பள்ளி ஆசிரியை அவர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அம்மம்மாவையும் வீட்டையும் இழந்தவர். 2007இல் எழுதத் தொடங்கிய கவிதையை 16 ஆண்டுகள் கழித்து எடுத்துவந்தார். "மிஸ், இத முடிக்கவும் ஏலாம, விடவும் மனமில்லாம கிடக்கு" என்றார். கொப்பியை நீட்டியபோது நான் வாங்கவில்லை. திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, நினைவில் இருப்பதை மட்டும் வேறொரு தாளில் எழுதச் சொன்னேன்.

எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான். நின்றுபோன கவிதையைத் திறந்தவுடனே வாசித்தால், எழுதிய நாளின் உணர்ச்சி வாசிப்பவரைப் பிடித்துக்கொள்ளும். நல்ல வரியும் நலிந்த வரியும் ஒரே அளவில் அருமையாகத் தோன்றும். நினைவிலிருந்து எழுதும்போது அந்த மயக்கம் குறைகிறது. பல ஆண்டுகள் பாராமல் விட்டும் மனத்தில் தங்கிய வரி, கவிதைக்குள் உயிரோடிருக்கும் வரியாக இருக்கக்கூடும். அத்துடன் கொப்பியில் இல்லாத ஏதேனும் ஒன்று அந்தத் தாளில் வந்து விழுந்தால் அதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஏனெனில், எழுதிய காலத்தில் கவிதைக்குள் வர முடியாமல் வெளியில் நின்ற பொருள் அதுவாக இருக்கலாம்.

அவருடைய தாளில் மூன்று விடயங்கள் வந்தன. வாளி விழும் ஓசை, கயிறு உரசித் தேய்ந்த கிணற்றுக்கல், அவற்றின் கீழே ஒரு வரியில் "மிசின் வச்சு மூணு நாள் இறைச்சது". அதன் பிறகுதான் கொப்பியைத் திறந்தோம். அதில் இருந்தவை இவை:

அம்மம்மா கிணற்றில் வாளி விழும் ஓசை
எம்மோடு வளர்ந்த எங்கள் வீட்டு மொழி.
கயிறு உரசிய கல்லில் ஒரு பள்ளம்,
வயிறு நிறைந்தது அந்தப் பள்ளத்தால்.
கடல் வந்து போன காலைக்குப் பிறகு
உடல்கள் எண்ணிய ஊரின் நடுவே
உப்பாய்ப் போனது கிணறும் நீரும்;
தப்பாய்ப் போனது எங்கள் வாழ்வும்.

எட்டாவது வரிக்குக் கீழே ஒன்பதாவது வரிக்கான மூன்று முயற்சிகள் வெட்டப்பட்டிருந்தன. மூன்றும் "இறைவா" என்றோ "விதியே" என்றோ தொடங்கின. இறைக்கும் மிசின் எங்கும் இல்லை.

நின்றுபோன கவிதையில் கடைசி வரியைக் குற்றவாளியாகப் பார்ப்பது வழக்கம். ஆனால் வழி தவறியது அதற்கு ஒன்றிரண்டு வரிகளுக்கு முன்னரே நடந்திருக்கும். எழுதியவர் அதை அறியாமல் மேலும் சிறிது தூரம் நடந்து, பாதை இல்லாததைக் கண்டு நின்றிருப்பார். ஆகவே நின்ற இடத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வரியாக, "இதை நீ சொல்ல வந்தாயா, வடிவம் உன்னைச் சொல்ல வைத்ததா?" என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

இந்தக் கவிதை இரண்டிரண்டு அடிகளாக எதுகையால் கட்டப்பட்டது. அம்மம்மா–எம்மோடு, கயிறு–வயிறு, கடல்–உடல், உப்பாய்–தப்பாய் என்று இரண்டாம் எழுத்து ஒன்றிவருகிறது. முதலெழுத்துகளும் குறிலுக்குக் குறிலாகவே நிற்கின்றன. இலக்கணத்தில் பிழையில்லை. ஆயினும் "தப்பாய்ப் போனது எங்கள் வாழ்வும்" என்ற வரியைக் காட்டி, யாருடைய தப்பு என்று கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "உப்புக்கு வேற சொல் கிடைக்கல்ல" என்றார். பொருள் தேடி வர வேண்டிய சொல்லை இங்கே எதுகை இழுத்து வந்திருக்கிறது. "உடல்கள் எண்ணிய" என்ற வரியும் அப்படியே வந்தது. அவர் உடல்களை எண்ணவில்லை. அந்த நாட்களில் உறவினர் வீட்டில் காய்ச்சலில் கிடந்தார். கடல் என்று எழுதியதும் உடல் தானாக வந்தது, அக்காலத்தில் நம்மிடையே எழுதப்பட்ட பல கவிதைகளிலும் அது இருந்தது, அதனால் சந்தேகமின்றி ஏற்றுக்கொண்டார். எதுகையை நான் குறைசொல்லவில்லை. முதல் நான்கு வரிகளில் அதே எதுகை அவருக்கு நல்ல துணையாக இருந்தது. எழுதுபவருக்குத் தெரிந்த பொருள் தீர்ந்த இடத்தில்தான் அது தலைமை ஏற்றுக்கொள்கிறது.

அப்படியானால் ஐந்தாம் வரிக்குப் பிறகு அவருக்குத் தெரியாமல் போனது எது? கிணறு எப்படி உப்பானது என்பதுதான். கடல் மேலே வந்து கொட்டியதால் உப்பானது என்றே 2007இல் எழுதினார். அது பாதி உண்மை. நமது கரையோர மணலில் மழைநீர் கீழிறங்கி, தன்னைவிடக் கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கிணற்றில் நாம் அள்ளுவது அந்த மிதக்கும் நன்னீரை. அது மேலே 1 அடி தாழ்ந்து அப்படியே நிலைத்தால், அடியிலுள்ள உப்புநீரின் எல்லை ஏறத்தாழ 40 அடி உயரக்கூடும் என்பது நிலத்தடி நீரியலில் சொல்லப்படும் கணக்கு. கடல்நீர் புகுந்த கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால், மேலிருந்த உப்பு போவதோடு கீழிருக்கும் உப்பும் ஏறி வரும். இந்த விவரத்தை அவர் பிற்காலத்தில் ஒரு கருத்தரங்கில் கேட்டறிந்திருந்தார். கேட்ட அன்றே கொப்பியின் நினைவு வந்ததாம்.

"யார் இறைத்தது?" என்று கேட்டேன். "ஆக்கள் வந்து இறைச்சவங்க" என்று தொடங்கியவர் நிறுத்தினார். பிறகு, "நாங்கதான் மிஸ் இறைச்சம். வாடகைக்கு மிசின் எடுத்து, நானும் மாமாவும்" என்றார்.

அந்த நிமிடத்தில் மீட்பதா விடுவதா என்ற கேள்வி எனக்கு முடிந்துவிட்டது. கவிதைக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது, அது 2007இன் பிரதிக்குள் வரவில்லை, இப்போது எழுதுபவரின் கைக்கு எட்டியிருக்கிறது. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் மீட்கலாம். ஒன்றாவது இல்லாவிட்டால் நான் தயங்குவேன்.

மீட்கும்போது நேரும் பெரிய கெடுதல், பழைய வரிகளுக்கு இடையில் புதிய வரிகளை ஒட்டுவது. இருபத்தைந்து வயதுக்காரியின் சொல்லும் நாற்பது வயதுக்காரியின் சொல்லும் ஒரே பத்தியில் நின்றால், ஒட்டு கண்ணுக்குத் தப்பினாலும் வாய்விட்டு வாசிக்கையில் மூச்சு அந்த இடத்தில் தடுக்கும். எனவே உயிரோடிருந்த வரிகளை மட்டும் புதிய பக்கத்தில் கையால் எழுதி, மற்றவற்றைக் கொப்பியிலேயே விட்டுவிட்டு, அங்கிருந்து தொடங்கச் சொன்னேன். மூன்று அமர்வுகளில் அவர் வந்து சேர்ந்த இடம் இது:

கயிறு உரசிய கல்லில் ஒரு பள்ளம்.
அதில் விரல் வைத்து
அம்மம்மாவின் வயதைச் சொல்வோம்.

மூன்று நாள் இறைத்தோம்.
இறைக்க இறைக்க
அடியிலிருந்து ஏறி வந்தது கடல்.

நான்காம் நாள்
மிசினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
மாரிக்குக் காத்திருந்தோம்.

வாளி ஓசையும் போய்விட்டது. நினைவுத்தாளில் இருந்த ஒன்றை விடுவது அவருக்குக் கடினமாக இருந்தது. ஆனால் "எங்கள் வீட்டு மொழி" என்ற விளக்கம் இல்லாமல் அந்த வரி நிற்கவில்லை. விளக்கத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும் வரியை நான் காப்பாற்றுவதில்லை.

அதே கொப்பியில் இன்னொன்றும் இருந்தது. 2013இல் கல்லடியில் புதிய பாலம் திறக்கப்பட்டபோது பழைய பாலத்தைப் பற்றி அவர் தொடங்கிய முப்பது வரிகள் அவை. நினைவிலிருந்து எழுதச் சொன்னபோது "பாடும் மீன்" என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் வரவில்லை; அந்தச் சொல் மட்டக்களப்பில் பிறந்த எவருக்கும் வரும். முப்பது வரிகளிலும் அவருக்கே உரியதாக இருந்தது, பாலத்தின் இரும்பு வெயிலில் கையைச் சுடும் என்ற ஒரு வரி. அதை அவர் ஏற்கெனவே வேறொரு கவிதையில் பயன்படுத்தி, அது வெளியாகியும் விட்டது. கேட்டால் சொல்ல அவரிடம் மேலும் எதுவும் இல்லை. இந்தக் கவிதை தன் ஒரே பொருளை வேறிடத்தில் கொடுத்துவிட்டது. இதற்கு ஓய்வு கொடுக்கலாம் என்றேன்.

ஓய்வு கொடுப்பது என்றால் கிழித்தெறிவதன்று. பக்கத்தின் அடியில் அன்றைய திகதியையும் "பொருள் வேறு கவிதையில் தீர்ந்தது" என்பது போன்ற ஒற்றை வரிக் காரணத்தையும் எழுதி, தாளைத் தனி உறையில் வைக்கச் சொல்வேன். காரணம் எழுதாமல் ஒதுக்கிய கவிதை மறுபடியும் மேசைக்கு வந்து அதே கேள்வியைக் கேட்கும். காரணத்தை எழுத முடியவில்லையென்றால், இன்னும் தீர்மானிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. அதை நான் தவறு செய்தே கற்றேன். போரில் சகோதரனை இழந்த ஓர் இளைஞர், தன் கவிதையில் ஒரு வரிகூட நினைவில் இல்லை என்றார். அப்படியானால் ஓய்வு கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிற்பாடு அந்தக் கவிதையை வாசிக்க நேர்ந்தபோது, மறதி அங்கே வரிகளின் நலிவால் வந்ததன்று, அவற்றைத் தாங்க முடியாமையால் வந்தது என்று புரிந்தது. நமது மாவட்டத்தில் இது அரிதன்று. அத்தகைய கவிதையை மீட்கவும் கூடாது, ஓய்வு கொடுக்கவும் கூடாது. திகதி மட்டும் இட்டு மூடிவைக்க வேண்டும். இப்போது, நினைவில் ஒன்றும் இல்லை என்று சொல்பவரிடம், கொப்பியைத் திறக்க அச்சமாக இருக்கிறதா என்று முதலில் கேட்கிறேன்.

கிணற்றுக் கவிதையில் ஒரு சொல் மட்டும் பாக்கியிருந்தது. மூன்றாவது அமர்வின் பிரதியில் "மூன்று நாள் இறைத்தார்கள்" என்றே அவர் எழுதியிருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. வாய்விட்டு வாசிக்கும்போது அந்தச் சொல்லில் அவரே நின்றார்; பேனையை எடுத்து அதை வெட்டி, "இறைத்தோம்" என்று எழுதினார்.